வீடியோவில் பார்த்த குக்கர், தாளில் வரைந்த பாத்திரம்: தெளிவான படம் இல்லாமல் பொருளைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு பொருளின் நல்ல புகைப்படம் இருந்தால் கூகுள் லென்ஸில் போட்டு அரை நிமிடத்தில் பெயரைக் கண்டுபிடித்துவிடலாம். படம் இல்லாதபோதுதான் சிக்கல். சமையல் வீடியோவில் ஓரமாக ஒரு குக்கர் தெரிகிறது, அதுதான் வேண்டும். அல்லது உறவினர் எங்கோ பார்த்த ஒரு பாத்திரத்தைப் பேனாவால் கிறுக்கிக் காட்டி, "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். இரண்டிலும் கையில் இருப்பது அரைகுறையான உருவம் மட்டுமே. அந்த அரைகுறை உருவத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பெரும்பாலான பொருள்களைப் பிடித்துவிடலாம்.

இந்தக் கட்டுரையில் இரண்டு சமையலறைப் பொருள்களை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து பார்ப்போம். முதலாவது வீடியோவில் தெரியும் பிரஷர் குக்கர். இரண்டாவது கையால் வரைந்த, பெயர் தெரியாத ஒரு பாத்திரம்.

முதலில் நல்ல பிரேம்களைப் பிடியுங்கள்

தேட ஆரம்பிக்கும் முன் வீடியோவின் கீழே இருக்கும் விவரக்குறிப்பைத் திறந்து படியுங்கள். சமையல் சேனல் நடத்துகிறவர்கள் பலர் தாங்கள் பயன்படுத்தும் பாத்திரங்களுக்கான கடை இணைப்புகளை அங்கேயே போட்டிருப்பார்கள். பின்னூட்டங்களிலும் "அக்கா, அந்தக் குக்கர் எங்கே வாங்கினீங்க?" என்று யாராவது கேட்டிருக்க வாய்ப்புண்டு. விடை அங்கேயே இருந்தால் வேலை முடிந்தது.

இல்லையென்றால் வீடியோவின் தரத்தை அதிகபட்சத்துக்கு மாற்றுங்கள். யூடியூபில் பல்சக்கரக் குறியை அழுத்தினால் தரம் என்ற பகுதி வரும். அது தானியங்கியில் இருந்தால் இணைய வேகத்தைப் பொறுத்துப் படம் மங்கலாக வரும், அதனால் 1080p அல்லது அதற்கு மேல் இருப்பதைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு சில விநாடிகள் பின்னால் போய் மறுபடி ஓட விடுங்கள். ஏற்கெனவே இறங்கிவிட்ட மங்கலான பகுதியே மறுபடி ஓடக்கூடும் என்பதால் இந்தச் சிறு சிரமம்.

கணினியில் வீடியோவை நிறுத்திவிட்டு `.` விசையைத் தட்டினால் ஒரு பிரேம் முன்னால் போகும், `,` விசையைத் தட்டினால் ஒரு பிரேம் பின்னால் வரும். இதுதான் இந்த வேலையில் மிகவும் பயன்படும் வசதி. ஓடும் வீடியோவை ஏதோ ஓர் இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் கேமரா அசைவில் இருக்கும்போதுதான் நிற்கும், ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். இரண்டு மூன்று பிரேம் முன்னும் பின்னும் நகர்த்தினாலே கேமரா ஒரு கணம் நிலைத்த இடம் கிடைக்கும். இன்னொரு விஷயம். காட்சி மாறிய உடனே வரும் முதல் பிரேமை எடுக்காதீர்கள். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையினால், புதுக்காட்சியின் முதல் சில பிரேம்கள் கட்டம் கட்டமாகக் குழைந்திருக்கும், கொஞ்ச நேரத்தில் விவரங்கள் கூடிவிடும். அரை விநாடி தள்ளி எடுப்பது நல்லது.

வீடியோ கோப்பாகவே உங்களிடம் இருந்தால், வாட்ஸ்அப்பில் வந்ததாகவோ பழைய கல்யாண சிடியாகவோ இருந்தால், வி.எல்.சி. பிளேயரில் திறந்து `E` விசையால் ஒவ்வொரு பிரேமாக நகர்த்தலாம். விண்டோஸில் `Shift+S` அழுத்தினால் அந்தப் பிரேம் படமாகச் சேமிக்கப்படும். கட்டளை எழுதிப் பழக்கம் உள்ளவர்கள் இரண்டு விநாடிக்குள் இருக்கும் எல்லாப் பிரேம்களையும் ஒரேயடியாக எடுத்துவிடலாம்:

```
ffmpeg -ss 00:04:12 -i video.mp4 -t 2 frame_%03d.png
```

பழைய சிடி, டிவிடி வீடியோ என்றால் அசையும் பொருளின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியலாம். வி.எல்.சி.யின் வீடியோ மெனுவில் இருக்கும் Deinterlace என்பதை இயக்கினால் அது போய்விடும். பழைய வீடியோக்களில் படம் பக்கவாட்டில் இழுபட்டிருப்பதும் சகஜம். அதே காட்சியில் ஒரு தட்டோ சுவர்க் கடிகாரமோ நேராகத் தெரிந்தால் பாருங்கள். அது முட்டை வடிவமாக இருந்தால் உங்கள் பொருளும் அதே அளவுக்கு இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் தேடக்கூடாது.

ஒரு பிரேமோடு நின்றுவிடாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, மூடி திறந்திருக்கும்போது ஒன்று, கைப்பிடி பெரிதாகத் தெரியும்போது ஒன்று என்று நான்கைந்து பிடியுங்கள். இந்த வீடியோவில் கிடைக்காவிட்டால் அதே சேனலின் மற்ற வீடியோக்களைப் பாருங்கள். வீட்டில் சமைப்பவர்கள் ஒரே குக்கரைத்தான் மாதக்கணக்கில் பயன்படுத்துவார்கள். பொங்கல் வீடியோவில் முதுகு மட்டும் தெரிந்த குக்கர், பிரியாணி வீடியோவில் முகம் காட்டும். வீடியோவின் முகப்புப் படத்தையும் விட்டுவிடாதீர்கள், அது பலசமயம் தனியாக எடுத்த நல்ல புகைப்படமாக இருக்கும்.

தேடும் முன் படத்தைச் சீர் செய்வது

எழுத்து எங்காவது தெரிந்தால் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்த வீடியோக்கள் சில, கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருக்கும். அப்போது கைப்பிடியில் இருக்கும் பெயரும் படிக்க முடியாது, கைப்பிடி எந்தப் பக்கம் என்பதும் தப்பாகிவிடும். போனின் படத்திருத்தியிலேயே இடவலமாகத் திருப்பும் வசதி இருக்கிறது.

வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று சொல்லும் செயலிகளில் போட்டு, அதில் வரும் எழுத்தை நம்ப வேண்டாம். இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. நான்கு எழுத்துப் பெயர் ஐந்து எழுத்தாகும், இல்லாத கோடு ஒன்று முளைக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தேடினால் போய்ச் சேர முடியாது.

பிறகு வெட்டுங்கள். முழுக் காட்சியையும் லென்ஸில் போட்டால் அது அடுப்பையும் டைல்ஸையும் சேர்த்துத் தேடும். பொருள் மட்டும் வரும்படி வெட்டிய படம் ஒன்று, கைப்பிடியோ மூடியோ மட்டும் வரும்படி வெட்டியது இன்னொன்று என இரண்டாகத் தேடுங்கள். படத்தோடு சொற்களையும் சேர்த்துத் தேடும் வசதி லென்ஸில் இருக்கிறது. `inner lid pressure cooker` என்பதுபோல ஒரு வரி சேர்த்தால் முடிவுகள் பெருமளவு ஒழுங்காகும். டின்ஐ என்ற தளம் அதே படத்தின் நகல்களைத்தான் தேடித் தரும், ஒத்த பொருள்களைத் தராது. அதனால் நீங்களே வீடியோவிலிருந்து எடுத்த பிரேமை அங்கே போட்டுப் பயனில்லை.

குக்கரைப் படிப்பது

இப்போது உதாரணத்துக்கு வருவோம். நம் வீடியோவில் கரும்சாம்பல் நிறக் குக்கர் ஒன்று, இடுப்பு உப்பி, அடி வளைந்து தெரிகிறது. லென்ஸில் போட்டால் நாலைந்து நிறுவனங்களின் ஹண்டி வடிவக் குக்கர்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் கறுப்பு, எல்லாம் உப்பியவை. புதிதாகத் தேடுகிறவர்கள் இந்த இடத்தில், முதலில் வந்ததையே "இதுதான்" என்று வாங்கிவிடுவார்கள்.

இங்கே நிறத்தையும் பொதுவான வடிவத்தையும் விட்டுவிட்டு, பொருள் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். குக்கருக்கு அது மூடி. மூடி பாத்திரத்துக்கு உள்ளே போய் உட்காருகிறதா, வெளியே கவிழ்ந்து மூடுகிறதா? உள்ளே போகும் மூடி என்றால், பக்கவாட்டுப் பிரேமில் பாத்திரத்தின் விளிம்பு மேலே துருத்திக்கொண்டிருக்கும், மூடி அதற்குள் இறங்கியிருக்கும். மூடியின் நீளக் கைப்பிடி, பாத்திரத்தின் கைப்பிடியோடு ஒரு கம்பி வளையத்தால் கொக்கி போட்டதுபோல மாட்டியிருக்கும். வெளிமூடி என்றால், மூடியின் பட்டை பாத்திரத்தின் கழுத்தை வெளியே சுற்றி மறைத்திருக்கும், இரண்டு கைப்பிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல இருக்கும். வெளிமூடியின் பட்டையில் ஒரு சிறு ஜன்னல் போல வெட்டு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயிட் அடைத்துக்கொண்டு அழுத்தம் மிதமிஞ்சும்போது கேஸ்கட் அந்த வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விடுவதற்காக வைத்தது அது. படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் உள்மூடியா வெளிமூடியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இந்த ஒரு கேள்வியிலேயே பட்டியல் பாதிக்கு மேல் சுருங்கும். ஹாக்கின்ஸ் என்றால் நம் நினைவுக்கு வருவது உள்மூடி, பிரெஸ்டிஜ் என்றால் வெளிமூடி. இரண்டிலும் விதிவிலக்குகள் உண்டு, மற்ற நிறுவனங்களும் இரண்டு வகையும் விற்கின்றன. ஆகவே மூடியை வைத்து நிறுவனத்தை முடிவு செய்யாதீர்கள், பொருந்தாதவற்றைக் கழிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

நம் பிரேமில் விளிம்பு துருத்தியிருக்கிறது, கம்பி வளையம் தெரிகிறது. உள்மூடி. லென்ஸ் காட்டியதில் வெளிமூடி ஹண்டிகள் எல்லாம் விழுந்துவிட்டன. அடுத்து உடம்பின் வளைவு. மேலிருந்து கீழ் வரை நேராக இறங்கும் சுவரா, இடுப்பில் உப்பி அடியில் உருண்டு குவியும் சுவரா? இது உப்பியது. மூன்றாவதாக, உடம்பும் மூடியும் ஒரே நிறமா? உடம்பு கரும்சாம்பல், மூடி பளபளக்கும் வெள்ளி. உள்மூடி, உப்பிய உடல், கறுப்பு உடம்புக்கு வெள்ளி மூடி என்ற மூன்றும் சேரும்போது ஹாக்கின்ஸ் கான்டூரா பிளாக் என்ற வகை முன்னுக்கு வருகிறது. அதே நிறுவனத்தின் ஃபியூச்சுராவும் கறுப்புதான், ஆனால் அதன் மூடியும் கறுப்பு.

நிறத்தைக் கடைசியாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அலுமினியம் பித்தளை போலத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் சாம்பல் நிறம் கறுப்பாகிவிடும். நிறத்தை விட நம்பகமானது பொருளின் மேல் விழும் பிரதிபலிப்பு. எவர்சில்வரில் பக்கத்துப் பாத்திரத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும், கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட நிகர். சாதாரண அலுமினியத்தில் அது கலங்கிப்போன வெளிச்சத் திட்டாகத் தெரியும். ஹார்ட் அனோடைஸ்டு, அதாவது மேற்பரப்பைக் கடினமாக்கிய கரும்சாம்பல் அலுமினியம், பிரதிபலிக்காது, வெளிச்சத்தை உறிஞ்சினாற்போல மங்கியிருக்கும். மேலே கறுப்புப் பூச்சு அடித்ததென்றால் விளிம்பிலும் கைப்பிடி திருகுகளின் பக்கத்திலும் தேய்ந்து உள்ளே வெள்ளி தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. குக்கரில் கைப்பிடி, வெயிட், கேஸ்கட் மூன்றும் அடிக்கடி மாற்றப்படுபவை. கைப்பிடி உடைந்தால் பாத்திரக்கடைக்காரர் கையில் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடுவார். அதனால் கைப்பிடியில் ஒரு பெயர் தெரிகிறது என்பதற்காகவே முடிவு கட்டக்கூடாது. கைப்பிடியில் உள்ள பெயரும் உடம்பின் வடிவமும் ஒத்துப்போகவில்லை என்றால், உடம்பு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குக்கரைக் கழுவும் காட்சியில் அடிப்பாகம் தெரிந்தால் பெரிய அதிர்ஷ்டம். அங்கே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் IS 2347 என்ற எண்ணும் பொறித்திருக்கும். இது வீட்டுப் பிரஷர் குக்கர்களுக்கான இந்தியத் தர எண், எல்லா நிறுவனக் குக்கருக்கும் பொது, ஆகவே இதை வைத்து மாடலைப் பிடிக்க முடியாது. ஆனால் முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அது தயாரிப்பாளருக்கு உரியது. BIS Care என்ற அரசுச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது என்று வந்துவிடும். மங்கிய பிரேமில் எல்லா இலக்கமும் தெரியாமல் போகலாம். அப்போது அடுத்தடுத்த பிரேம்களில் பாருங்கள். ஒன்றில் மறைந்த இலக்கம் மற்றொன்றில் தெரியும். அடியில் வட்டமான தட்டு ஒன்று தனியாகப் பதித்ததுபோல ஓரக்கோடு தெரிந்தால் அது இண்டக்‌ஷன் அடுப்புக்கான அடியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே தோற்றத்தில் இண்டக்‌ஷன் அடியுள்ளதும் இல்லாததும் விற்பதால், அடியைப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்க வழியில்லை.

எத்தனை லிட்டர்?

ஒரே மாடல் பல அளவுகளில் வருவதால் பெயர் தெரிந்த பிறகும் இந்தக் கேள்வி மிச்சமிருக்கும். அளவு தெரிந்த ஒரு பொருள் குக்கருக்குப் பக்கத்தில், கேமராவிலிருந்து கிட்டத்தட்ட அதே தூரத்தில் இருந்தால் போதும். நம் பிரேமில் அடுப்பின் ஓரத்தில் தீப்பெட்டி ஒன்று, நீளவாட்டில் நம்மைப் பார்த்தபடி கிடக்கிறது. உங்கள் வீட்டிலிருக்கும் அதே மாதிரித் தீப்பெட்டியை அளந்து பாருங்கள், சுமார் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

படத்தைத் திரையில் பெரிதாக்கி, மேலேயே ஸ்கேலை வைத்து அளக்கலாம். தீப்பெட்டி திரையில் 1.5 செ.மீ., குக்கரின் உப்பிய இடம் 6 செ.மீ. என்றால் குக்கர் தீப்பெட்டியைப் போல நான்கு மடங்கு, அதாவது சுமார் 20 செ.மீ. அகலம். பாத்திரத்தின் உயரம் மூடி இல்லாமல் 3.9 செ.மீ. வந்தால் உண்மையில் சுமார் 13 செ.மீ. உருளையாக இருந்தால் 20 × 20 × 0.785 × 13 என்று பெருக்கி சுமார் 4,080 மில்லி, அதாவது 4 லிட்டருக்குச் சற்று மேல். ஆனால் இது உப்பிய பாத்திரம், கழுத்தும் அடியும் குறுகியவை, சுவரின் தடிமனும் கழிய வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைத்தால் 3 லிட்டரை ஒட்டி வரும்.

இந்தக் கணக்கை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். கேமரா மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் உயரம் குறுகித் தெரியும், அப்போது கணக்கு குறைவாகத்தான் வரும். தீப்பெட்டி குக்கரை விடக் கேமராவுக்கு அருகில் இருந்தால் பெரிதாகத் தெரிந்து, குக்கரைச் சின்னதாகக் காட்டும். அதனால் "3 லிட்டர், 4 ஆகவும் இருக்கலாம், 2-உம் 5-உம் இல்லை" என்கிற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு சேனலின் வேறு வீடியோவில் அவர் எத்தனை கப் அரிசி, எத்தனை கப் தண்ணீர் போடுகிறார், அது எந்த மட்டம் வரை வருகிறது என்று பார்த்து உறுதிப்படுத்தலாம். அதற்கும் எழுத்து வடிவ வசனப் பட்டியலைத் திறந்து "கப்" என்று தேடினால் அந்த இடத்துக்கே போய்விடலாம்.

கடைசியாகச் சரிபார்ப்பு. கடையின் விளம்பரப் படத்தோடு ஒப்பிட வேண்டாம், அது திருத்தி மெருகேற்றியது. வாங்கியவர்கள் விமர்சனத்தில் போட்ட படங்களைத் திறந்து, உங்கள் பிரேமை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள். அவையும் உங்கள் பிரேமைப் போலவே சமையலறை வெளிச்சத்தில் எடுத்தவை. பொருந்துகிறவற்றை எண்ணுவதை விட, பொருந்தாத ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். கைப்பிடியில் திருகு எங்கே இருக்கிறது, எதிர்ப்பக்கம் குட்டிக் கைப்பிடி இருக்கிறதா, விளிம்பு எப்படி மடிந்திருக்கிறது. எளிதில் மாற்ற முடியாத பாகத்தில் ஒரே ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிந்தாலும் அது வேறு மாடல்.

கையால் வரைந்த படம்

இங்கே பொருளை ஒருவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார், நம்மிடம் வந்திருப்பது அவர் நினைவு. அந்த நினைவைக் கேள்வி கேட்டு வெளியே எடுப்பதுதான் பாதி வேலை.

புதுச்சேரியில் இருக்கும் எங்கள் பெரியம்மா பாரிஸில் மகள் வீட்டில் தங்கிவிட்டு வந்தபோது ஒரு படம் வரைந்து கொடுத்தார். ஒரு வட்டம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு, நடுவிலிருந்து மேலே வளைந்து போகும் ஒரு கம்பி, பக்கத்தில் ஒரு கைப்பிடி. "தக்காளி அரைக்கிறது, ஆனா மிக்ஸி இல்ல" என்பது மட்டும்தான் குறிப்பு. அந்தப் படத்தை அப்படியே போனில் எடுத்து லென்ஸில் போட்டால் குழந்தைகளின் ஓவியங்களும் கடிகாரச் சின்னங்களும் வரும். கோட்டுப் படத்துக்கு அது கோட்டுப் படத்தைத்தான் தேடித் தருகிறது.

ஆகவே முதலில் அவரையே மறுபடி வரையச் சொல்ல வேண்டும். கோடு போடாத வெள்ளைத்தாள், கறுப்புப் பேனா, நிழல் தீட்ட வேண்டாம். மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, பயன்படுத்தும்போது எப்படி என்று மூன்று படம். அசையும் பாகத்துக்கு அம்புக்குறி. நன்றாக நினைவில் இருப்பதை முழுக்கோட்டிலும், "அப்படித்தான் இருந்ததுன்னு நினைக்கிறேன்" என்பதைப் புள்ளிக்கோட்டிலும் போடச் சொல்லுங்கள். இது மிக முக்கியம். ஊகத்தில் போட்ட பாகத்தை வைத்துத் தேடினால் சரியான பொருளைக் கண்ணில் கண்டும் தள்ளிவிடுவீர்கள்.

பிறகு கேள்விகள். "கைப்பிடி நீளமாக இருந்ததா?" என்று விடையை நாமே எடுத்துக் கொடுக்கக்கூடாது, "எங்கே பிடிச்சாங்க?" என்று கேட்க வேண்டும்.

"எது உள்ளே போச்சு, எது வெளியே வந்தது பெரியம்மா?"

"வேகவெச்ச தக்காளி போட்டா. தோலும் விதையும் மேலேயே நின்னுடுச்சு, சாறு கீழே விழுந்துச்சு."

"அது தனியா நின்னுச்சா, எதுமேலயாவது வெச்சாங்களா?"

"குண்டான் மேல உட்கார வெச்சா. மூணு கால் மாதிரி ஏதோ விளிம்புல தொத்திக்கிட்டுச்சு."

"சுத்தும்போது உள்ளே என்ன நடந்துச்சு?"

"ஒரு தகடு சாய்வா சுத்துச்சு. அடிக்கடி பின்பக்கமா ஒரு சுத்து சுத்துவா, அப்போ ஒட்டினதெல்லாம் வந்துடும்."

வட்டமும் கோடும் சொல்லாததை இந்த மூன்று விடைகள் சொல்லிவிட்டன. அளவுக்கும் செ.மீ. கேட்கவில்லை. "நம்ம வீட்டுல எந்தக் குண்டான் மேல அது சரியா உட்காரும்?" என்று கேட்டதும் அவரே போய் ஒரு பாத்திரத்தை எடுத்து வந்தார், அதன் வாயை அளந்துகொண்டோம். யாரும் சென்டிமீட்டரில் நினைவு வைத்திருப்பதில்லை, ஆனால் பழகிய பாத்திரத்தோடு ஒப்பிடச் சொன்னால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது தேடும் சொற்கள் கிடைத்துவிட்டன. பொருளின் பெயர் தெரியாவிட்டாலும் அது செய்யும் வேலையை எழுதலாம்: `hand crank strainer remove tomato skin seeds over pot`. வரும் படங்களில் நான்கு வகைகள் கலந்திருக்கும். கூம்பு வடிவச் சல்லடையும் மரக்குழவியும் ஒன்று. மேசை விளிம்பில் பொருத்தி, புனல் வழியாகப் போட்டுத் திருகாணியால் தள்ளும் கருவி ஒன்று. உருளைத் துருவி ஒன்று. அடியில் துளைத்தகடும் சாய்ந்த தகடும் உள்ள பாத்திரம் ஒன்று. பெரியம்மா சொன்ன மூன்று கால், சாய்வுத் தகடு, பின்சுற்று மூன்றும் கடைசி வகைக்கு மட்டுமே பொருந்தும். அதன் ஆங்கிலப் பெயர் `food mill`, பிரெஞ்சில் `moulin à légumes`. 1932-இல் ழான் மாந்த்லே என்ற பிரெஞ்சுக்காரர் இதன் ஒரு வடிவத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் மூலினெக்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது அவர் தொழில்தான். பாரிஸ் வீட்டில் அது இருந்ததில் ஆச்சரியமில்லை.

வகை தெரிந்தபின் மறுபடி பார்த்தவரிடம் போக வேண்டும். ஒரே ஒரு படத்தைக் காட்டி "இதுதானே?" என்றால் பெரும்பாலானோர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நான்கு வகைகளையும் ஒன்றாகக் காட்டி, எது என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். வகை உறுதியானதும் அதே வகையில் நான்கு மாடல்களைக் காட்டுங்கள். எவர்சில்வரா பிளாஸ்டிக்கா, அடித்தகடு மாற்றக்கூடியதா நிலையானதா, கால்கள் மடங்குமா. "இது மாதிரிதான், ஆனா கைப்பிடி எதிர்ப்பக்கம்" என்று வரும் ஒவ்வொரு "ஆனா"வையும் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த தேடலுக்கான சொல் அதிலிருந்துதான் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் குறிப்பிட்ட நிறுவனமும் மாடலும் தெரியாமல் போகலாம். வீடியோவில் பார்த்தது பழைய மாடலாக இருந்து விற்பனையை நிறுத்தியிருக்கலாம். ஒரே தொழிற்சாலையில் செய்த பாத்திரம் நாலு பெயரில் விற்கப்படும்போது, முத்திரை தெரியாத பிரேமிலிருந்து அவற்றைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அப்படியானால் வகை, பொருள், அளவு மூன்றும் ஒத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணம் கட்டும் முன் கடைக்காரரிடம் அடிப்பாகத்தின் படமும், மூடி திறந்த நிலையில் ஒரு படமும் கேட்டு வாங்கி, உங்கள் பிரேமோடு வைத்துப் பாருங்கள். அனுப்ப மறுத்தால், பிரித்த பிறகும் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.